1300-ஐ 0.46-ஆல் வகுத்தால் பனீர் எடை வராதா?

பால்கணக்கு | ஜூலை 8, இரவு 9.40

பால்வளத் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன். செய்முறை வகுப்பில் 10 கிலோ பால் எடுத்தோம். கொழுப்பு 4.5 சதவீதம், கொழுப்பில்லாத திடப்பொருளான எஸ்.என்.எஃப் 8.5. அதாவது மொத்தத் திடப்பொருள் 13 சதவீதம், 1300 கிராம். பனீரின் ஈரம் சோதித்ததில் 54 சதவீதம் வந்தது. மீதி 46 திடப்பொருள்.

அப்படியானால் 1300-ஐ 0.46-ஆல் வகுத்தால் 2.83 கிலோ பனீர் வர வேண்டும். தராசில் வந்தது 1.52 கிலோ. ஏறக்குறைய பாதி காணோம். கீழே கொட்டவில்லை, பாத்திரத்தில் ஒட்டவும் இல்லை. பதிவேட்டில் "மீண்டும் கணக்கிடுக" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எதை மீண்டும் கணக்கிடுவது?

பாய்லர்பக்கம் | ஜூலை 8, இரவு 10.05

சூடு போதாது. 90 டிகிரிக்குப் பாலைக் கொண்டுபோகாவிட்டால் வே புரதம் எல்லாம் பனீர் திரண்டபின் வடியும் வே தண்ணீரோடு போய்விடும். தொழிற்சாலையில் இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், பனீர் குறைகிறது என்று யார் வந்து சொன்னாலும் முதலில் வெப்பமானியைத்தான் பார்ப்பேன். அடுத்து அமிலம். இன்னும் கொஞ்சம் அமிலம் விட்டு பி.எச்-ஐ இறக்கினால் மிச்சம் இருப்பதும் திரண்டு வந்துவிடும்.

கடைசிபெஞ்சு | ஜூலை 8, இரவு 10.20

எனக்கும் இதே சந்தேகம், ஆனால் தயிரில். 10 கிலோ பாலுக்கு எவ்வளவு தயிர் வரும் என்று கேட்டால் என்ன எழுதுவது? தேர்வு நெருங்கிவிட்டது.

தராசுத்தட்டு | ஜூலை 9, காலை 6.15

சூட்டுக்கும் அமிலத்துக்கும் அப்புறம் வருவோம். முதலில் அந்த 2.83 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

பாலில் இருக்கும் திடப்பொருள் முழுவதும் பொருளுக்குள் நின்று, தண்ணீர் மட்டும் வெளியே போனால் அந்த வகுத்தல் சரி. கோவா அப்படித்தான். வாணலியில் நீராவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. 1300 கிராம் திடப்பொருள், 35 சதவீதம் ஈரமுள்ள கோவா என்றால் 1300-ஐ 0.65-ஆல் வகுக்கலாம், 2 கிலோ. உன் கையில் இருப்பது கோவாவுக்கான கணக்கு. அதைப் பனீரில் போட்டால் லாக்டோஸும் பனீரில் நின்றுவிட்டதாகத்தான் அர்த்தம்.

உன் 10 கிலோ பாலை உடைத்துப் பார். கொழுப்பு 450 கிராம். எஸ்.என்.எஃப் 850-ல் புரதம் ஏறத்தாழ 320, லாக்டோஸ் 460, தாது உப்பான சாம்பல் 70 என்று வைத்துக்கொள். பனீர் என்பது புரத வலை. கொழுப்பு அந்த வலையில் சிக்கி நிற்கிறது. லாக்டோஸ் தண்ணீரில் கரைந்திருப்பது, எந்த வலையிலும் சிக்காது. பனீருக்குள் எவ்வளவு தண்ணீர் தங்குகிறதோ அதற்கேற்ற பங்கு லாக்டோஸ் மட்டும் உள்ளே இருக்கும். மீதி 400 கிராமுக்கு மேல் வே தண்ணீரோடு போய்விடும், அதைத் தடுக்கவும் முடியாது.

தயிர் கேட்ட தம்பிக்கு: தயிரிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. 10 கிலோ பாலில் 200 கிராம் உறை சேர்த்தால் 10.2 கிலோ தயிர். காய்ச்சும்போது அரை கிலோ ஆவியாகியிருந்தால் 9.7 கிலோ. திடப்பொருள் அதேதான், கொஞ்சம் கெட்டியாக இருக்கும். உறை சேர்த்த எடையை மறந்துவிடாதே, அதில்தான் பலரும் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

பால்கணக்கு | ஜூலை 9, காலை 8.30

அப்படியானால் பனீருக்கு என்ன கணக்கு சார்? கொழுப்பும் புரதமும் மட்டும் கூட்டினால் 770. 770-ஐ 0.46-ஆல் வகுத்தால் 1.67 கிலோ. இதுவா?

தராசுத்தட்டு | ஜூலை 9, மதியம் 1.10

எண் கிட்டத்தட்ட சரியாக வந்துவிட்டது, வழி சரியில்லை. இரண்டு விடுபட்டவை ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கின்றன. கொழுப்பும் புரதமும் 100 சதவீதம் நிற்பதாக எடுத்துக்கொண்டாய். அதனால் கூடியது. பனீருக்குள் தங்கும் லாக்டோஸையும் தாது உப்பையும் விட்டுவிட்டாய். அதனால் குறைந்தது. வேறொரு பாலில் இந்த ஈடு இப்படிப் பொருந்தாது.

நான் போடும் முறை இது. ஒழுங்காகச் செய்த பனீரில் கொழுப்பு 92 சதவீதம் நிற்கும் என்று வை: 414 கிராம். பாலை 90 டிகிரிக்குக் காய்ச்சியிருப்பதால் கேசினோடு வே புரதத்தின் பெரும்பங்கும் சேர்ந்து வரும், மொத்தப் புரதத்தில் 90 சதவீதம்: 288. இரண்டும் சேர்த்து 702. லாக்டோஸும் தாது உப்பும் பனீரின் எடையில் ஏறத்தாழ 4 சதவீதம். பனீர் எடை W என்றால், அதன் திடப்பொருள் 0.46 W.

```
0.46 W = 702 + 0.04 W
0.42 W = 702
W = 1671 கிராம்
```

100 கிலோவுக்கு 16.7 கிலோ. 1300 கிராம் திடப்பொருளில் பனீருக்குள் வந்தது 769, அதாவது 59 சதவீதம்தான். பார்க்கக் குறைவாகத் தெரியும், ஆனால் பனீருக்கு அது வழக்கமான அளவு. உலர் பொருளில் கொழுப்பு எவ்வளவு என்றும் பார்த்துவிடு: 414-ஐ 769-ஆல் வகுத்தால் 54 சதவீதம் போல வரும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ வரம்பு 50-க்குக் குறையக் கூடாது, ஈரம் 60-க்கு மேல் போகக் கூடாது. இரண்டிலும் தேறிவிடும்.

அந்த 92-ம் 90-ம் வேதவாக்கு இல்லை. உங்கள் கூடத்தில் உங்கள் துணி, உங்கள் அழுத்தத்தில் என்ன நிற்கிறது என்று வே தண்ணீரைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆகவே இப்போது உன்னிடம் கேட்க வேண்டியவை: வே தண்ணீரை நிறுத்தீர்களா? அதில் கொழுப்பு பார்த்தீர்களா? அமிலக் கரைசல் எவ்வளவு விட்டீர்கள்?

ஏடுசேகரிப்பவர் | ஜூலை 9, மாலை 4.45

நான் படிப்பாளி இல்லை, வீட்டில் ஏடு சேர்த்து நெய் காய்ச்சுகிறவள். கணக்கு என்றதும் கேட்கத் தோன்றியது. கடையில் வாங்கிய 40 சதவீதக் கிரீம் ஒரு கிலோ காய்ச்சினேன். 400 கிராம் கொழுப்பு இருக்கிறதே, நெய் 360-தான் வந்தது. கசண்டு நிறைய நின்றது, 95 கிராம் இருந்தது. அதுவும் அமிலம் போதாமல்தானா?

பாய்லர்பக்கம் | ஜூலை 9, மாலை 5.00

நெய்க்கு அமிலம் எதற்கு அக்கா? நீங்கள் அடுப்பைச் சீக்கிரம் அணைத்திருப்பீர்கள்.

தராசுத்தட்டு | ஜூலை 9, இரவு 8.20

அடுப்பு காரணமில்லை. கொழுப்பு அந்தக் கசண்டுக்குள் இருக்கிறது.

40 சதவீதக் கிரீமில் மீதி 60 பங்கு கொழுப்பில்லாத பால். அதில் ஏறத்தாழ 9 சதவீதம் திடப்பொருள். ஒரு கிலோவுக்கு 54 கிராம் எஸ்.என்.எஃப். தண்ணீர் போனபின் அது பழுப்பாகத் திரண்டு கசண்டாகிறது. உலர்ந்த 54 கிராம் கசண்டு உங்கள் தட்டில் 95 கிராம் இருந்தது என்றால் மீதி 41 கிராம் நெய்தான், உறிஞ்சி வைத்திருக்கிறது. 400-ல் 41 போனால் 359. நெய்யில் கொழுப்பு 99.5 சதவீதத்துக்கு மேல் என்பதால் அந்த எடையே ஏறக்குறைய நெய்யின் எடை. உங்கள் 360-ஓடு பொருந்துகிறது.

அதே கிரீமைக் கடைந்து வெண்ணெயாக எடுத்துக் காய்ச்சினால் எஸ்.என்.எஃப்-இல் பெரும்பங்கு மோரோடு போய்விடும். மோரில் 4, 5 கிராம் கொழுப்பு போகும். ஆனால் வெண்ணெயில் நிற்கும் எஸ்.என்.எஃப் கழுவியபின் 6, 7 கிராம்தான். கசண்டு அவ்வளவு குறைவு என்றால் அது குடிக்கும் நெய்யும் குறைவு. 390 பக்கம் எடுக்கலாம். நன்றாகக் கடைந்திருக்க வேண்டும், மோர் கொழகொழப்பாக இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

காய்ச்சும்போது கசண்டைச் சூட்டோடு துணியில் கட்டிப் பிழியுங்கள். ஆறிவிட்டால் வராது.

ஏடுசேகரிப்பவர் | ஜூலை 9, இரவு 9.05

கடைந்தால் இன்னும் 30 கிராம் கிடைக்குமா! எனக்கு அந்தக் கசண்டில் சர்க்கரை போட்டுச் சாப்பிடப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பால்கணக்கு | ஜூலை 10, மாலை 6.30

சார் கேட்டவை. சிட்ரிக் அமிலம் 1 சதவீதக் கரைசல் 2 கிலோ விட்டோம். 70 டிகிரியில். அழுத்திய தண்ணீரையும் சேர்த்து வே 10.28 கிலோ. கெர்பர் சோதனையில் வே தண்ணீரின் கொழுப்பு 0.55. பாலின் வெப்பம் 90-க்குப் போனது, நானே வெப்பமானியைப் பிடித்திருந்தேன்.

அதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். பால் 10 கிலோ, பனீர் 1.52, ஆகவே வே 8.48 கிலோ. அதில் 0.55 சதவீதம் என்றால் 47 கிராம் கொழுப்பு இழப்பு. சரிதானா?

தராசுத்தட்டு | ஜூலை 10, இரவு 9.15

தராசு 10.28 சொல்லும்போது 8.48-ஐ ஏன் எடுக்கிறாய்? நீ ஊற்றிய 2 கிலோ கரைசல் எங்கே போனது? அது வே தண்ணீருக்குள்தான் இருக்கிறது. 0.55 என்பது கரைசல் கலந்து நீர்த்துப்போன தண்ணீரின் அளவு. ஆகவே நீர்த்த எடையோடுதான் பெருக்க வேண்டும். 10.28 கிலோவில் 57 கிராம். 10 கிராம் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், இழப்பை ஆறில் ஒரு பங்கு குறைத்துக் காட்டுகிறது.

உள்ளே போனது 12 கிலோ. வெளியே வந்தது 1.52-ம் 10.28-ம், 11.80. மீதி 200 கிராம் திறந்த பாத்திரத்தில் ஆவி, துணியில் ஈரம். எடைக் கணக்கு ஒழுங்காக மூடுகிறது. ஆக எடைகளை நம்பலாம்.

450-ல் 57 போனால் 393 பனீரில். 87 சதவீதம். நான் 92 என்று வைத்திருந்தேன். 21 கிராம் கொழுப்பு அதிகமாகப் போயிருக்கிறது. வே தண்ணீர் எப்படி இருந்தது?

பால்கணக்கு | ஜூலை 10, இரவு 9.50

வெள்ளையாக, கலங்கலாக. அடுத்த மேசையினுடையது பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்து இருந்தது. எங்கள் குழுவில் அமிலத்தை ஒரே மூச்சில் ஊற்றி மத்தால் அடித்துக்கொண்டே இருந்தோம். வடிகட்டும்போது துணியின் கீழே ரவை மாதிரி பொடி இறங்கியது.

பாய்லர்பக்கம் | ஜூலை 10, இரவு 10.10

வெள்ளைத் தண்ணீர் என்றால் இன்னும் திரள வேண்டியது மிச்சம். நான் சொன்னதுதான், பி.எச்-ஐ இறக்கு.

தராசுத்தட்டு | ஜூலை 11, காலை 6.40

பாய்லர்பக்கம் சொல்வதில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். அமிலம் குறைந்தாலும் வே வெள்ளையாகத்தான் இருக்கும். அப்போது இரண்டு கரண்டி கரைசல் விட்டால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆனால் இங்கே கிலோ பாலுக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் போயிருக்கிறது, வழக்கமாகப் போதும். கீழே பொடியும் இறங்கியிருக்கிறது. திரண்டது உடைந்துபோயிருக்கிறது. திரளும் நேரத்தில் மத்தால் அடித்தால் வலை கட்டுவதற்குள் கிழிகிறது, உள்ளே இருந்த கொழுப்பு வெளியேறுகிறது. கரைசலையும் 70 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்லிய தாரையாக விட்டு, பாத்திரத்தின் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டினால் போதும். தெளிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். 5 நிமிடம் அப்படியே விட்டு அப்புறம் வடி.

பி.எச் 5.3 பக்கத்தில் நின்றுவிடுவது நல்லது. அதற்கும் கீழே இறக்கினால் கேசினைப் பிணைத்திருக்கும் கால்சியம் கரைந்து போகிறது, பனீர் தண்ணீரைப் பிடிக்காது. எடை குறையும், உதிரும், புளிப்பும் ஏறும்.

சூட்டைப் பற்றிய சந்தேகத்தை அவளே தீர்த்துக்கொள்ளலாம். வே தண்ணீரை வடிதாளில் வடிகட்டி, தெளிந்ததைச் சோதனைக் குழாயில் கொதிக்க வைக்கட்டும். செதில் செதிலாகத் திரண்டால் பாலைக் காய்ச்சியது போதவில்லை, வே புரதம் மிச்சம் இருக்கிறது.

பாய்லர்பக்கம் | ஜூலை 11, காலை 7.30

கொதிக்க வைக்கும் சோதனை நல்ல யோசனை, எங்கள் இடத்திலும் செய்து பார்க்கிறேன். ஆனால் 90-ஐத் தொட்டால் மட்டும் போதாது, கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது என் அனுபவம். அதை நான் விடுவதாக இல்லை.

பால்கணக்கு | ஜூலை 11, மாலை 5.20

கணக்கை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 1.52 கிலோ, 54 சதவீத ஈரம். திடப்பொருள் 699 கிராம். அதில் லாக்டோஸும் உப்பும் 4 சதவீதம், 61. மீதி 638. கொழுப்பு 393 போனால் புரதம் 245. 320-ல் 245 என்றால் 77 சதவீதம்தான். வே புரதம் முழுவதும் போனால் வரும் எண் இது. அப்படியானால் சூடுதான் போதவில்லையா? வடிகட்டிய வே தண்ணீரைக் கொதிக்க வைத்தேன், குளிர்பெட்டியில் வைத்திருந்தது. செதில் எதுவும் வரவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

தராசுத்தட்டு | ஜூலை 11, இரவு 8.45

அருமையான இடத்துக்கு வந்துவிட்டாய். இரண்டும் மோதினால் இரண்டில் ஒன்று தவறான நேரத்தில் எடுத்த அளவாக இருக்கும்.

1.52 எப்போது நிறுத்தது? அழுத்தத்திலிருந்து எடுத்தவுடனா, குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து எடுத்த பிறகா? ஈரத்துக்கான மாதிரி எப்போது வெட்டியது?

பால்கணக்கு | ஜூலை 11, இரவு 9.30

எடை அழுத்தத்திலிருந்து எடுத்தவுடன். மாதிரி ஊறவைத்து வடித்த பிறகு. தோழியின் தாளில் ஊறிய பின் எடை தனியாக எழுதியிருக்கிறது, 1.59 கிலோ.

தராசுத்தட்டு | ஜூலை 11, இரவு 10.00

அதுதான். இரண்டு மணி நேரம் ஊறியதில் 70 கிராம் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஈரம் 54 என்பது 1.59 கிலோவின் ஈரம். அதை 1.52-க்குப் போட்டதால் 32 கிராம் திடப்பொருள் காகிதத்தில் காணாமல் போனது.

1590-ஐ 0.46-ஆல் பெருக்கு: 731. அழுத்தத்திலிருந்து எடுத்தபோது அதே 731 கிராம் 1520-க்குள் இருந்தது, ஆக அப்போது ஈரம் 52. இப்போது 731-ல் லாக்டோஸும் உப்பும் 63 போக 668. கொழுப்பு 393. புரதம் 275. 86 சதவீதம். சூடு பிழையில்லை என்று உன் சோதனைக் குழாயும் சொல்லிவிட்டது.

இனி 1671-க்கும் 1590-க்கும் இடையில் உள்ள 81 கிராமைப் பிரித்துப் பார். கொழுப்பில் 21 கிராம் குறைவு, புரதத்தில் 13. சேர்த்து 34. இந்த 34 கிராமை 0.42-ஆல் வகுத்தால் 81. ஒரு கிராம் கொழுப்போ புரதமோ தண்ணீரில் போனால், அது பிடித்து வைத்திருக்கக்கூடிய தண்ணீரையும் சேர்த்து பனீரில் 2.4 கிராம் குறைகிறது. துணியின் கீழே இறங்கிய ரவையை அலட்சியமாக விடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கடைசிபெஞ்சு | ஜூலை 11, இரவு 10.25

அப்படியானால் இன்னும் அதிக நேரம் ஊறவைத்தால் எடை கூடுமே? 100 கிலோ பாலுக்குக் கிடைக்கும் விளைவு 16 கிலோவிலிருந்து 18 ஆகிவிடாதா?

தராசுத்தட்டு | ஜூலை 12, காலை 6.05

கூடும், தம்பி. தண்ணீர்தான் கூடும், 731 கூடாது. அதனால்தான் பனீர் விளைவை ஈரத்தைச் சொல்லாமல் எழுதக் கூடாது. இரண்டு குழுக்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே ஈரத்துக்கு மாற்றிவிட்டுப் பார். 731-ஐ 0.45-ஆல் வகுத்தால் 55 சதவீத ஈரத்தில் 1.62 கிலோ. அப்படி மாற்றியபின் யார் நன்றாகச் செய்தார்கள் என்று தெரிந்துவிடும். அதிகம் ஊறினால் ஓரம் வழுவழுப்பாகி வெட்டும்போது நீர் கசியும், கையிலேயே தெரியும்.

பால்கணக்கு | ஜூலை 15, மாலை 7.10

பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 3.2 சதவீதப் புரதம் என்பது நாம் எடுத்துக்கொண்ட எண்தானே, அளக்கவில்லையே. இன்று அதே இடத்திலிருந்து வந்த பாலை ஃபார்மால் டைட்ரேஷன் செய்து பார்த்தேன். 3.1 வந்தது. அன்றைய பாலும் அப்படித்தான் என்றால் 310 கிராம், அதில் 90 சதவீதம் 279. நமக்குக் கிடைத்தது 275. புரத இழப்பு என்று நினைத்த 13 கிராமில் 9 கிராம் இழப்பே இல்லையே!

பாய்லர்பக்கம் | ஜூலை 15, இரவு 8.00

அப்படியானால் துணிக்குக் கீழே இறங்கிய ரவையில் என்ன இருந்தது? வெறும் 4 கிராம் புரதமா? பொடி இறங்கியதைக் கண்ணால் பார்த்தாயே.

தராசுத்தட்டு | ஜூலை 15, இரவு 9.25

நல்ல கேள்வி. இன்றைய பாலை வைத்து அன்றைய பாலைச் சொல்ல முடியாது, ஃபார்மால் டைட்ரேஷனும் 0.1 அளவுக்கு அங்கே இங்கே போகக்கூடியது. அதோடு நாம் எடுத்துக்கொண்ட 4 சதவீதமும் அரை சதவீதம் மாறினால் புரதக் கணக்கில் 8 கிராம் இடம் மாறும். ஆக 4 கிராமா 13 கிராமா என்று இந்தத் தாளை வைத்துச் சொல்ல மாட்டேன். வே தண்ணீரில் போன கொழுப்பு 57 கிராம் மட்டும் உறுதி, அது அளந்தது.

அடுத்த முறை பாலின் புரதத்தை அன்றே பார். வடித்த வே தண்ணீரை இன்னொரு முறை நெருக்கமான துணியில் விட்டு, இறங்கிய பொடியை உலர்த்தி நிறு. அதே பால், அமிலத்தை மெதுவாக விட்டு ஒரு பாத்திரம், மத்தால் அடித்து இன்னொரு பாத்திரம். இரண்டின் பொடி எடையையும் இங்கே போடு.

பால்கணக்கு | ஜூலை 15, இரவு 9.40

வியாழக்கிழமை கூடம் காலி. போடுகிறேன் சார்.